காஸ்ப், ஜே.பி.ஐ, ராப் 2: செவிலியர் ஆர்.சி.டி ஒன்றை விமர்சிக்க எந்தப் பட்டியலை எடுப்பது?

செவிலியர் துறையில் முதுகலை படிப்பவர்களிடம், நோயாளிகளை ரேண்டமாகக் குழுக்களாகப் பிரித்துச் சிகிச்சைகளை ஒப்பிடும் ஒரு ஆர்.சி.டி கட்டுரையைக் கொடுத்து விமர்சித்து எழுதச் சொன்னால், கட்டுரையைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: எந்தச் செக்லிஸ்ட்டை வைத்து? பெரும்பாலும் மூன்று பெயர்கள் அடிபடும். காஸ்ப், ஜே.பி.ஐ, காக்ரேன் அமைப்பின் ராப் 2. மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. ரேண்டமாகப் பிரித்தார்களா, யாருக்கு எது தெரியும், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்று மூன்றும் ஏறக்குறைய ஒரே விஷயங்களைக் கேட்பது போலத்தான் தெரியும். அதனால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று நினைத்து, கேள்வி குறைவாக இருப்பதை எடுத்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். அதே கட்டுரைக்கு இந்த மூன்றும் மூன்று விதமான தீர்ப்புக்கு நம்மைக் கொண்டுபோகும், அதிலும் செவிலியர் ஆய்வுகளில் இந்த வித்தியாசம் ரொம்பவே பெரிதாகும், ஏனென்றால் நம் ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மறைக்கும் பிளைண்டிங் என்பது செய்யவே முடியாத காரியம். மாத்திரைக்குப் போலி மாத்திரை உண்டு. கட்டு மாற்றுவதற்கும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதற்கும், வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கும் போலி ஏது?

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடலாம். கன்சார்ட்டை எடுத்துக்கொண்டு வந்து "இதன்படி விமர்சித்தேன்" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கன்சார்ட் என்பது ஆய்வை எப்படி எழுத வேண்டும் என்று ஆய்வாளருக்குச் சொல்லும் பட்டியல். 2010 பதிப்பில் 25 அம்சங்கள், 2025 பதிப்பில் 30. ஒருவர் "எந்தக் குழு என்று எழுதிய உறைகளை முன்பே திறந்து பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளைச் சேர்த்தோம்" என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினால் கன்சார்ட்டின் கண்ணில் அது தெளிவாகச் சொல்லப்பட்ட விஷயம், ஆனால் ஆய்வு அங்கேயே கெட்டுப்போய்விட்டது. எழுதியது நன்றாக இருப்பது வேறு, செய்தது நன்றாக இருப்பது வேறு. காணாமல் போன தகவலைக் கண்டுபிடிக்க அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு சொல்ல அது வேண்டாம்.

சரி, ஒரு உண்மையான ஆய்வை எடுத்து மூன்றையும் அதன் மேல் வைத்துப் பார்ப்போம். வீனஸ் 4 என்ற ஆய்வு, 2014-இல் லான்செட் இதழில் வந்தது. காலில் சிரைப்புண் உள்ளவர்களுக்கு வழக்கமாகப் போடும் நான்கு அடுக்கு அழுத்தக் கட்டு நல்லதா, இரண்டு அடுக்கு அழுத்தக் காலுறை நல்லதா என்பதுதான் கேள்வி. இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 34 மையங்கள். 457 பேர், அதில் 230 பேருக்குக் காலுறை, 227 பேருக்குக் கட்டு. யாருக்கு எது என்பதை மையத்துக்கு வெளியே இருந்த ஒரு சேவை கணினி மூலம் முடிவு செய்தது. நோயாளிக்கும் செவிலியருக்கும் எந்தச் சிகிச்சை என்று தெரியும், தெரியாமல் இருக்க வழியும் இல்லை. ஆனால் முதன்மை முடிவை அளந்தவர்களுக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது. முதன்மை முடிவு, புண் ஆற எத்தனை நாள் ஆனது என்பது. நடு மதிப்பாகக் காலுறைக் குழுவுக்கு 99 நாள், கட்டுக் குழுவுக்கு 98 நாள். புண் ஆறியவர்கள் 70.9 சதவீதம், 70.4 சதவீதம். இன்னொரு எண்ணையும் மனதில் வையுங்கள், பிறகு அதுதான் முக்கியமாகப் போகிறது: தனக்கு ஒதுக்கிய சிகிச்சையை விட்டு வேறொன்றுக்கு மாறியவர்கள் காலுறைக் குழுவில் 38.3 சதவீதம், கட்டுக் குழுவில் 27 சதவீதம்.

முதலில் காஸ்ப். 11 கேள்விகள், "ஆம்", "இல்லை", "சொல்ல முடியவில்லை" என்று பதில். முதல் மூன்று கேள்விகள் வடிகட்டி மாதிரி: கேள்வி தெளிவாக இருக்கிறதா, ரேண்டமாகப் பிரித்தார்களா, உள்ளே வந்த எல்லாருக்கும் கடைசியில் கணக்கு இருக்கிறதா. இதிலேயே தேறவில்லையென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டுமா என்று அதுவே கேட்கும். வீனஸ் 4 மூன்றிலும் தேறும். ஆனால் மூன்றாவது கேள்விக்கு அவசரப்பட்டு "ஆம்" போடக் கூடாது. 457 பேரில் 453 பேர் முதன்மைப் பகுப்பாய்வில் இருக்கிறார்கள், விடுபட்ட 4 பேரும் கட்டுக் குழு. பார்க்க மிக நல்ல எண்ணிக்கைதான். ஆனால் "எத்தனை நாளில் ஆறியது" என்று கணக்கிடும் ஆய்வுகளில் இடையில் விலகியவரும் விலகிய நாள் வரை கணக்கில் இருப்பார். பகுப்பாய்வில் இருப்பதும் கடைசி வரை பின்தொடரப்பட்டதும் ஒன்றல்ல. கட்டுரையில் இருக்கும் ஓட்டப்படத்தைப் பார்த்து, குழுவுக்கு எத்தனை பேர் விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்று எண்ணிய பிறகுதான் இந்தக் கேள்விக்குப் பதில்.

நான்காவது கேள்வி பிளைண்டிங். நோயாளிக்கு மறைத்தார்களா, சிகிச்சை கொடுப்பவருக்கு மறைத்தார்களா, முடிவை அளப்பவருக்கு மறைத்தார்களா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கிறது. வீனஸ் 4-க்கு இல்லை, இல்லை, ஆம் என்று எழுதலாம். அதற்கு மேல் காஸ்ப் ஒன்றும் சொல்லாது. அந்த இரண்டு "இல்லை" எவ்வளவு பெரிய குறை என்பதை நீங்களேதான் யோசித்து எழுத வேண்டும், காஸ்ப்பின் பலமும் பலவீனமும் இதுதான். மதிப்பெண் போடச் சொல்வதில்லை, யோசிக்கக் குறிப்பு மட்டும் தரும். யோசிக்கத் தெரிந்தவர் கையில் அருமையான கருவி, படிவத்தை நிரப்புபவர் கையில் வெறும் டிக் பட்டியல்.

காஸ்ப்புக்கு என்னிடம் தனி இடம் இருப்பதற்குக் காரணம் அதன் பின்பாதி. முடிவு எவ்வளவு துல்லியமானது, நன்மை தீமைகளையும் செலவையும் எடைபோட்டால் என்ன, உங்கள் நோயாளிகளுக்கு இது பொருந்துமா, இப்போது செய்வதை விட இது மேலா என்றெல்லாம் கேட்கிறது. மற்ற இரண்டும் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. வீனஸ் 4-இல் புண் ஆறும் வேகங்களின் விகிதம் 0.99, நம்பக இடைவெளி 0.79 முதல் 1.25 வரை. இதைப் படித்துவிட்டு "இரண்டும் சமம்" என்று எழுதினால் அது தவறு. உண்மையான விகிதம் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவும் இருக்கலாம், நான்கில் ஒரு பங்கு கூடுதலாகவும் இருக்கலாம், இந்த ஆய்வால் அதைவிட நெருக்கமாகச் சொல்ல முடியவில்லை என்பதுதான் அந்த இடைவெளியின் பொருள். "வித்தியாசம் தெரியவில்லை" என்பதற்கும் "வித்தியாசம் இல்லை" என்பதற்கும் நடுவில் உள்ள இந்தத் தூரத்தைத் தவறவிடுவதுதான் நான் திருத்திய தாள்களில் மிக அதிகமாகப் பார்த்த பிழை. காஸ்ப் மட்டும்தான் துல்லியத்துக்கென்றே ஒரு கேள்வி வைத்து உங்களை அங்கே நிறுத்துகிறது.

அடுத்தது ஜே.பி.ஐ. 13 கேள்விகள், "ஆம்", "இல்லை", "தெளிவில்லை", "பொருந்தாது". கேள்விகள் சிறியவை, ஒவ்வொன்றும் ஒரே விஷயத்தைக் கேட்பவை. காஸ்ப் ரேண்டம் கேள்வியின் அடியில் ஒரு குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போகும் ஒதுக்கீட்டு மறைப்பை ஜே.பி.ஐ தனிக் கேள்வியாகவே வைத்திருக்கிறது, அதற்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஒதுக்கீட்டு மறைப்பையும் பிளைண்டிங்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது நம்மிடம் சகஜமாக இருக்கிறது. பிளைண்டிங் என்பது சிகிச்சை தொடங்கிய பிறகு யாருக்கு என்ன தெரியும் என்பது. ஒதுக்கீட்டை மறைப்பது அதற்கு முன்னால்: அடுத்து வரும் நோயாளி எந்தக் குழுவுக்குப் போவார் என்பது அவரை ஆய்வில் சேர்ப்பவருக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. தெரிந்தால் என்ன ஆகும்? அடுத்தது காலுறை என்று தெரிந்த ஒரு செவிலியர், பெரிய புண்ணோடு வரும் பாட்டியைப் பார்த்து "இவருக்குக் காலுறை சரிப்படாது, அடுத்த வாரம் சேர்த்துக்கொள்ளலாம்" என்று நல்ல மனதோடேதான் நினைப்பார். பத்து முறை இப்படி நடந்தால் ஒரு குழுவில் சின்னப் புண்களாகச் சேர்ந்துவிடும், அதற்குப் பிறகு எந்தப் புள்ளியியலும் அதை முழுதாகச் சரி செய்யாது. கட்டையும் காலுறையையும் மறைக்க முடியாது என்பது உண்மை, ஆனால் வரிசையை மறைக்க எப்போதும் முடியும். ஆகவே பிளைண்டிங் இல்லாததை மன்னிக்கலாம், ஒதுக்கீட்டு மறைப்பு இல்லாததை மன்னிக்கவே கூடாது. வீனஸ் 4-இல் போல, நோயாளியைப் பதிந்த பிறகு தொலைவில் உள்ள சேவை விடை சொன்னால் நம்பலாம். "மூடிய உறைகள்" என்று மட்டும் எழுதியிருந்தால், எண் இட்டவையா, உள்ளே தெரியாத தாளா, வரிசைப்படி திறந்தார்களா என்று தேடுங்கள், இல்லையென்றால் "தெளிவில்லை" என்று போடுங்கள். இது நடந்திருப்பதை அடிப்படை அட்டவணையிலும் சில சமயம் பிடிக்கலாம். சிரைப்புண் ஆறுமா ஆறாதா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை புண்ணின் பரப்பும் அது எத்தனை காலமாக இருக்கிறது என்பதும். அந்த இரண்டு வரியையும் குழுவுக்குக் குழு ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்தில் பி மதிப்பு இருந்தால் அதை நம்பி உட்கார வேண்டாம், வித்தியாசம் ஆறுவதைப் பாதிக்கும் அளவுக்கு இருக்கிறதா என்று செவிலியராக யோசியுங்கள்.

ஜே.பி.ஐ-க்குத் திரும்புவோம். நோயாளிக்கு மறைத்தார்களா, கொடுப்பவருக்கு மறைத்தார்களா, அளப்பவருக்கு மறைத்தார்களா என்று மூன்று தனிக் கேள்விகள் உண்டு. வீனஸ் 4-க்கு முதல் இரண்டிலும் "இல்லை". மற்ற 11-க்கும் "ஆம்" கிடைப்பதாகவே வைத்துக்கொண்டாலும் 13-க்கு 11. இப்படி எண்ணிச் சொல்வதை நான் எதிர்க்கிறேன், ஆனால் 13 சின்னக் கேள்விகளும் வரிசையாக இருக்கும்போது எண்ணத் தோன்றும், எல்லாரும் எண்ணவும் செய்கிறார்கள். "85 சதவீதம், தரமான ஆய்வு" என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஒதுக்கீட்டை மறைக்காத இன்னொரு ஆய்வு அந்த ஒரு கேள்வியில் மட்டும் தவறினால் அதற்கு 12 கிடைக்கும். எண்ணை நம்பினால் வரிசையைக் கசியவிட்ட ஆய்வு மேலே போய்விடும். சிலர் இதைத் தவிர்க்க நோயாளி, செவிலியர் இருவரின் பிளைண்டிங்குக்கும் "பொருந்தாது" போடுகிறார்கள். அதுவும் சரியில்லை. மறைக்க முடியாததால், முடிவை ஒரு பக்கம் சாய்த்துவிடும் சார்பு வரும் வாய்ப்பு ஒழிந்துவிடாது, "இல்லை" என்று போட்டுவிட்டு அதனால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் குறிப்புப் பகுதியில் எழுதுவதே நேர்மை.

2023-இல் ஜே.பி.ஐ தன் பட்டியலைத் திருத்தியது. கேள்விகளின் எண்ணிக்கை அதேதான், ஆனால் எந்தக் கேள்வி எந்த வகைச் சார்பைப் பற்றியது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், அளவீடு, விடுபட்டவர்கள் போன்ற கேள்விகளை ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பதிலளிக்கச் சொல்கிறார்கள். பழைய பதிப்பை இன்னும் சுற்றில் விட்டிருக்கிறார்கள், எது உங்கள் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ராப் 2. 2019-இல் வந்தது, மூன்றில் கடினமானது. இது ஆய்வை மதிப்பிடுவதில்லை, ஆய்வின் ஒரு குறிப்பிட்ட முடிவை மதிப்பிடுகிறது. ரேண்டமாக்கல், திட்டமிட்ட சிகிச்சையிலிருந்து விலகல், விடுபட்ட தரவு, முடிவை அளந்த விதம், சொல்ல வேண்டியதைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுதல் என்று ஐந்து களங்கள். ஒவ்வொன்றுக்கும் சில வழிகாட்டுக் கேள்விகள், பதில் "ஆம், அநேகமாக ஆம், அநேகமாக இல்லை, இல்லை, தகவல் இல்லை". கடைசியில் குறைந்த ஆபத்து, சில கவலைகள், அதிக ஆபத்து என்று மூன்றில் ஒன்று.

செவிலியர் ஆய்வுக்கு இதன் இரண்டாம் களம்தான் பொன்னானது. நோயாளிக்கும் செவிலியருக்கும் தெரியுமா என்று கேட்கும், தெரியும் என்று சொன்னதும் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு நகராது. சரி, தெரிந்ததால் என்ன நடந்தது, ஆய்வு நடக்கிறது என்ற காரணத்தால் மட்டும் யாராவது சிகிச்சையை மாற்றினார்களா என்று அடுத்த கேள்வி கேட்கும். அந்த 38.3 சதவீதத்தை இங்கே கொண்டுவாருங்கள். காஸ்ப் வைத்துப் படித்த ஒருவர் இதைப் பார்த்து "மூன்றில் ஒருவருக்கு மேல் மாறிவிட்டார், ஆய்வு கெட்டுவிட்டது" என்று எழுதியிருப்பார். ராப் 2 வேறு மாதிரி யோசிக்க வைக்கிறது. காலுறை இறுக்கமாக இருக்கிறது, போடவே முடியவில்லை, வலிக்கிறது என்று ஒருவர் கட்டுக்கு மாறினால், அது ஆய்வுக்கு வெளியேயும் அப்படியேதான் நடந்திருக்கும். அது நடைமுறையின் ஒரு பகுதி, சார்பு அல்ல. "கட்டுதான் நல்லது என்று எனக்குத் தெரியும், ஆய்வில் மாட்டிக்கொண்டாரே" என்று செவிலியர் மாற்றியிருந்தால் மட்டுமே அது ஆய்வின் சூழலால் வந்த விலகல். கட்டுரையில் மாறியதற்கான காரணங்களைத் தேடிப் படித்தால்தான் இதைப் பிரிக்க முடியும். அப்புறம், எல்லாரையும் முதலில் ஒதுக்கிய குழுவிலேயே வைத்துப் பகுப்பாய்வு செய்தார்களா என்று கேட்கும், வீனஸ் 4-இல் அப்படித்தான் செய்தார்கள். காரணங்கள் முதல் வகையாகவே இருந்தால் இரண்டாம் களம் குறைந்த ஆபத்து.

ஆனால் இந்தக் களத்துக்குள் நுழையும் முன்பே ராப் 2 ஒரு முடிவெடுக்கச் சொல்லும்: காலுறையைப் பரிந்துரைப்பதன் விளைவு வேண்டுமா, காலுறையை ஒழுங்காகப் போட்டுக்கொள்வதன் விளைவு வேண்டுமா? எந்தச் சிகிச்சையை முதலில் கொடுப்பது என்று ஒரு மருத்துவமனை கேட்டால் முதலாவது. "நான் விடாமல் போட்டுக்கொண்டால் எனக்கு எப்போது ஆறும்" என்று ஒரு நோயாளி கேட்டால் இரண்டாவது, அதற்கு இந்த 38.3 சதவீதம் நிஜமான சிக்கல்தான், ஒதுக்கிய குழுவை வைத்துச் செய்த பகுப்பாய்வு அந்தக் கேள்விக்குப் பதில் தராது. ஒரே எண் ஒரு கேள்விக்குக் குறையில்லை, இன்னொரு கேள்விக்குப் பெருங்குறை. இதைப் பிரித்துக் காட்டுவது மூன்றில் ராப் 2 மட்டுமே.

ஒரு முடிவை மட்டும் மதிப்பிடுவது என்பதன் பொருளும் இந்த ஆய்விலேயே தெரியும். ஆறிய புண் திரும்ப வந்தது காலுறைக் குழுவில் ஏறக்குறைய 14 சதவீதம், கட்டுக் குழுவில் 23. காலுறைக்குப் பெரிய வெற்றி மாதிரி இருக்கிறது. ஆனால் திரும்ப வருவதைக் கணக்கிட முதலில் புண் ஆறியிருக்க வேண்டும், ஆக இங்கே ஒப்பிடுவது ரேண்டமாகப் பிரித்த 457 பேரை அல்ல, அதில் ஆறியவர்களை மட்டும். எவருக்கு ஆறும் என்பதைச் சிகிச்சையே ஓரளவு தீர்மானிக்கலாம், அதனால் அந்த இரண்டு கூட்டமும் ஒத்தவை என்ற உத்தரவாதம் போய்விட்டது. ஆறும் நாளுக்குக் கொடுத்த அதே தீர்ப்பை இதற்குக் கொடுக்க முடியாது. வலியை நோயாளியே சொல்லும் அளவீடாக இருந்தால் இன்னொரு சிக்கல்: அங்கே அளப்பவரே நோயாளிதான், அவருக்குச் சிகிச்சை தெரியும், நான்காம் களம் அடி வாங்கும். காஸ்ப்பில் மொத்த ஆய்வுக்கும் ஒரே பதில் எழுதுபவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது.

ராப் 2-இன் குறை, அதற்கு நேரம் நிறைய வேண்டும், ஆய்வின் முன்பதிவையும் முன்கூட்டி எழுதிய ஆய்வுத் திட்டத்தையும் தேடி எடுத்துப் படிக்காமல் ஐந்தாம் களத்துக்குப் பதில் சொல்லவே முடியாது. முதல் முறை செய்பவருக்கு ஒரு முழு மாலை போய்விடும். துல்லியம், நோயாளிகளுக்குப் பொருந்துவது, செலவு எதையும் அது கேட்காது. சார்பு மட்டும்தான் அதன் வேலை.

பெட்ரோ, ஜடாட் போன்ற மதிப்பெண் அளவுகோல்களைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். 1996-இல் வந்த ஜடாடில் மொத்தம் 5 மதிப்பெண், அதில் 2 இரட்டை மறைப்புக்கு. வீனஸ் 4 மாதிரி ஆய்வு எவ்வளவு நன்றாகச் செய்தாலும் 3-ஐத் தாண்டாது, ஒதுக்கீட்டு மறைப்புக்கோ அதில் கேள்வியே இல்லை. பெட்ரோவில் 10-க்கு 8-தான் உச்சம். செவிலியர் ஆய்வுக்கு இவற்றை எடுக்க வேண்டாம்.

அப்படியானால் எதை எடுப்பது? ஒரே ஒரு கட்டுரை, வாராந்தர வாசிப்புக் கூட்டம், "நாளை முதல் நம் வார்டில் இதை மாற்றலாமா" என்பதுதான் கேள்வி என்றால் காஸ்ப், தயங்கவே வேண்டாம். ஆனால் அதன் நான்காவது கேள்வியில் ராப் 2-இன் இரண்டாம் களத்தின் அந்த ஒரு கேள்வியைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்: தெரிந்ததால் என்ன மாறியது? மதிப்பெண் பெறும் விமர்சனத் தாள் எழுதுபவர் என்றால் ஜே.பி.ஐ நல்லது, ஒவ்வொரு கேள்வியும் ஒரு பத்தியாக விரியும், எதையும் தவறவிட மாட்டீர்கள், ஆனால் கூட்டல் கணக்கு மட்டும் போடாதீர்கள். முறையான திறனாய்வு செய்து பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் ராப் 2, அதுவும் இருவர் தனித்தனியாகச் செய்து பிறகு ஒப்பிட வேண்டும். இருவரும் எங்கே மோதிக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டாம் களத்தில்தான் இருக்கும், அதிலும் யாராவது ஒருவர் பரிந்துரைப்பதன் விளைவையும் மற்றவர் ஒழுங்காகப் பயன்படுத்துவதன் விளைவையும் மனதில் வைத்துப் பதில் சொல்லியிருப்பார். எந்த விளைவு என்பதைத் தாளின் மேலேயே எழுதிவிட்டு இருவரும் மறுபடி அந்தக் களத்தை மட்டும் நிரப்பிப் பாருங்கள்.